வாழ்த்து வந்தது, ஓடர் வரவில்லை: பழைய வாடிக்கையாளருக்குப் புதுச் சாமானை அறிவிப்பது

கேள்வி: "கிளிநொச்சியில் வீட்டிலிருந்து மிளகாய்த்தூள் செய்து விற்கிறேன். நாலு வருசமாய் வாங்குகிற 160 பேர் வரை வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். இப்போது வறுத்த குரக்கன் மாவும் போடுகிறேன். 'தங்கள் நல்லாதரவுடன் வளர்ந்துவரும் எமது நிறுவனம் பெருமையுடன் அறிமுகப்படுத்தும் 100% இயற்கையான குரக்கன் மா. கல்சியம், இரும்புச்சத்து, நார்ச்சத்து நிறைந்தது. மேலதிக விபரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்' என்று எல்லாருக்கும் ஒரேயடியாய் அனுப்பினேன். நிறையப் பேர் வாழ்த்துகள் என்றார்கள். ஓடர் மூன்றுதான். என்ன எழுதியிருக்க வேண்டும்?"

உங்கள் வாடிக்கையாளர்கள் தவறாக எதுவும் செய்யவில்லை. நீங்கள் அனுப்பியது ஒரு நல்ல செய்தி, அதற்கு அவர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். கலியாண வீட்டு அழைப்பிதழின் நடையில் எழுதினால் அழைப்பிதழுக்கு வருகிற பதில்தான் வரும். அந்த மூன்று வரியில் "எமது நிறுவனம்", "பெருமையுடன்", "வளர்ந்துவரும்" எல்லாம் உங்களைப் பற்றியவை. வாங்குகிறவர் அறிய விரும்புவது நாலு விசயம்: இதனால் என் அடுப்படியில் என்ன குறையும், என்ன விலை, எப்போது கைக்கு வரும், நான் இப்போது என்ன செய்ய வேண்டும். நாலும் அதில் இல்லை. "விபரங்களுக்குத் தொடர்புகொள்ளவும்" என்ற வரி, நீங்கள் எழுதவேண்டியதை அவர்களைக் கேட்கவைக்கிறது. கேட்டுவிட்டு விலை கூடவென்று பட்டால் வேண்டாம் என்று சொல்லவேண்டிவரும். தெரிந்த ஆளிடம் அப்படிச் சொல்லக் கூச்சம். அதனால் கேட்காமலே விட்டுவிடுவார்கள்.

வன்னியில் சிறு உற்பத்தியாளர்களுக்குச் சந்தைப்படுத்தல் வகுப்பெடுப்பதும் அவர்களோடு கூடநின்று விற்றுப் பார்ப்பதும் என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: வசனத்தைத் திருத்த முன்னர், செய்தி எத்தனை பேருக்குப் போனது என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் பலருக்கு ஒரேயடியாக அனுப்பும் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச்சேரும். நீங்கள் அவர் எண்ணை வைத்திருந்தால் போதாது. மிளகாய்த்தூள்காரர் அழைத்தால் எடுப்பார், ஆனால் பெயரைப் பதிந்திருக்கமாட்டார், இப்படிப் பலர் இருப்பார்கள். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விபரத்தைத் திறந்தால் யாருக்குக் கிடைத்தது, யார் வாசித்தார்கள் என்று தெரியும். வாசித்ததைக் காட்டாமல் மறைத்து வைத்திருப்பவர்களும் உண்டு, ஆகவே கிடைத்தவர் தொகையையே நம்புங்கள். 160 பேரில் 70 பேருக்குத்தான் போயிருந்தால் மூன்று ஓடரின் கதை வேறு. போகாதவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பி, "இந்த எண்ணைப் பதிந்து வையுங்கோ" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அடுத்து, எந்தப் பயனை முன்னுக்கு வைப்பது. கல்சியம் பொய்யில்லை. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு, அரிசியில் அது மிகக் குறைவு. ஆனால் கல்சியம் வேண்டுமென்று இரவு எட்டு மணிக்கு யோசித்துக்கொண்டு இருப்பவர் அரிது. நாளைக் காலமை பிள்ளைக்கு என்ன கட்டிக்கொடுப்பது என்றுதான் யோசிப்பார்கள். குரக்கனை வாங்காதவர்களிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். இங்கே முதலில் வருகிற பதில் "மண் கடிபடும்" என்பதுதான். குரக்கன் கடுகளவு தானியம், அடித்துத் தூற்றும்போது சேர்கிற நுண்மணலும் உமியும் லேசில் போகாது. பல தடவை கழுவி, அரித்து, காயவைத்து, திரித்து, வறுத்து, திரும்ப அரிக்க வேண்டும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இது முடியாத காரியம். நீங்கள் அந்த வேலை முழுவதையும் செய்து கொடுக்கிறீர்கள், ஆனால் உங்கள் செய்தியில் அது ஒரு சொல்லாகக்கூட இல்லை. ஆகவே முதல் வரி "மண் கடிபடாத குரக்கன் மா". போன் திரையில் அறிவித்தலாக எட்டிப்பார்ப்பது செய்தியின் தொடக்கம் மட்டுமே, அதனால் அந்த நாலு சொல்லும் முதலில் நிற்கவேண்டும். வணக்கமும் நல்லாதரவும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் பலர் திறக்கவே மாட்டார்கள்.

பயனை நீங்களாக ஊகிக்க வேண்டியதில்லை. ஓடர் தந்த மூன்று பேருக்கும் போன் எடுத்து, "அக்கா, எதைப் பார்த்து எடுத்தனீங்கள்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்கிற சொல்லையே செய்தியில் போடுங்கள். நாம் யோசித்து எழுதுகிற சொல்லைவிட அது எப்போதும் குட்டையாகவும் நேராகவும் இருக்கும்.

உங்கள் மாவைப் பற்றி மட்டும் வாங்குகிறவர்களுக்கு எழக்கூடிய ஒரு பயத்தையும் சொல்லவேண்டும். நாலு வருசமாய் உங்களை மிளகாய்த்தூளால்தான் அவர்களுக்குத் தெரியும். அதே வீட்டிலிருந்து மா வருகிறது என்றால், "உறைக்குமோ?" என்ற கேள்வி வாய்க்குள்ளேயே நிற்கும், மரியாதைக்குக் கேட்கமாட்டார்கள். பயம் நியாயமானதுதான். மிளகாய் திரித்த மில்லில் மா திரித்தால் முதலில் வருகிற மாவில் காரமும் மணமும் ஏறும். ஒரே அறையில் வைத்தாலும் ஒரே அகப்பையால் அள்ளினாலும் மணம் பிடிக்கும். வேறு மில்லில்தான் திரிக்கிறீர்கள், வேறு அறையில்தான் பொதி செய்கிறீர்கள் என்றால் அதை ஒரு வரியில் எழுதுங்கள். அப்படிச் செய்யவில்லை என்றால் அறிவிப்பை நிறுத்திவைத்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள். மாவில் உறைப்பு ஏறினால் மிளகாய்த்தூள் வாடிக்கையும் சேர்ந்து போகும்.

சீனி வருத்தம் பற்றி எழுதவா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது அந்த யோசனையைத் தருவார்கள். குரக்கனில் நார்ச்சத்து உண்டு, கோதுமையில் இருக்கிற குளூட்டன் இல்லை. இவை உறுதியானவை, எழுதலாம். "சீனி வருத்தத்துக்கு நல்லது", "சீனியைக் குறைக்கும்" என்பது அப்படியில்லை. மா எவ்வளவு நுண்மையாகத் திரிக்கப்பட்டது, எதோடு கலந்து அவித்தது, ஒருவர் எவ்வளவு சாப்பிட்டார் என்பதெல்லாம் சேர்ந்துதான் இரத்தத்தில் சீனி எப்படி ஏறுகிறது என்பதைத் தீர்மானிக்கும். இரண்டு நீத்துப்பெட்டி குரக்கன் புட்டை நல்லது என்று நம்பிச் சாப்பிட்ட ஐயாவின் சீனி கூடினால் அந்தப் பழி உங்களுடையது. சட்டமும் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தவறாக வழிநடத்தும் உணவு விளம்பரத்தைத் தடைசெய்கிறது. பக்கற்றில் என்னென்ன அச்சிட வேண்டும் என்பதை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நேரே கேளுங்கள், அது என் துறையில்லை. "100% இயற்கையான" என்பதையும் எடுத்துவிடுங்கள். எல்லாப் பக்கற்றிலும் அதுதான் எழுதியிருக்கிறது, யாரும் வாசிப்பதில்லை.

இனி ஓடர் எடுக்கும் வழி. பழைய வாடிக்கையாளரிடம் விற்பதில் உள்ள பெரிய வசதியை நீங்கள் பயன்படுத்தவே இல்லை. அவர் வீடு எங்கே, எந்த பஸ்ஸில் போட்டுவிட வேண்டும், காசு வங்கியில் போடுவாரா கையில் தருவாரா, எல்லாம் உங்களுக்குத் தெரியும். அப்படியிருக்கப் பெயர், முகவரி, தொலைபேசி எண் அனுப்புங்கள் என்று புதிதாகக் கேட்கக்கூடாது. ஒரு எண்ணை அழுத்தினால் ஓடர் முடிந்துவிட வேண்டும். ஒரு பக்கற் வேண்டுமென்றால் 1, இரண்டு வேண்டுமென்றால் 2. மிச்சமெல்லாம் "வழமைபோல". சேர்த்து எழுதினால் இப்படி வரும்:

"மண் கடிபடாத குரக்கன் மா வந்திருக்கு. கழுவி, அரித்து, திரித்து, வறுத்தது. சுடுதண்ணி விட்டுக் குழைத்து உடனே புட்டு அவிக்கலாம். மிளகாய் திரிக்கிற மில்லில் திரிக்கவில்லை.
400 கிராம் பக்கற் 350 ரூபாய். நாலு பேருக்கு ஒரு நேரப் புட்டுக்குக் காணும்.
வேணுமெண்டால் 1 எண்டு மட்டும் அனுப்புங்கோ. இரண்டு பக்கற் எண்டால் 2. செவ்வாய் இரவுக்குள் சொன்னால் வியாழன் வழமையான பஸ்ஸில் வரும். காசும் வழமைபோல."

விலையும் நாளும் நான் உதாரணத்துக்குப் போட்டவை. "நாலு பேருக்குக் காணும்" என்பதை நீங்களே ஒரு பக்கற்றை அவித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதவேண்டும், மூன்று பேருக்குத்தான் வருகிறது என்றால் மூன்று என்றே எழுதுங்கள். தேங்காய்ப்பூ போட்டா, அரிசிமா கலந்தா என்பதைப் பொறுத்து அது மாறும். செவ்வாய் என்ற கெடுவும் உண்மையாக இருக்கவேண்டும். நீங்கள் புதன்கிழமை வறுக்கிறீர்கள், ஆகவே செவ்வாய்க்குள் தொகை தெரியவேண்டும் என்றால் அது நியாயமான கெடு. "இருப்பு உள்ளவரை மட்டும்" என்று சும்மா எழுதினால் அடுத்த மாதமும் அதே மா கிடைக்கிறதைப் பார்த்து உங்கள் மிளகாய்த்தூள் கெடுவையும் நம்பாமல் விடுவார்கள்.

எழுத்து நடை பற்றி ஒரு சொல். உங்கள் வாடிக்கையாளரோடு வழக்கமாக எப்படி எழுதுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். மிளகாய்த்தூளுக்கு "அக்கா நாளைக்கு பஸ்ஸில போடுறன்" என்று எழுதுகிறவர், மாவுக்கு மட்டும் "அறிமுகப்படுத்துவதில் பெருமகிழ்ச்சி அடைகின்றோம்" என்று எழுதினால் வேறு யாரோ அனுப்பியதுபோல இருக்கும்.

160 பேருக்கும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். கடந்த மூன்று மாதத்துக்குள் வாங்கியவர்களில் இருபது பேரைப் பொறுக்கி, பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்புங்கள். ஒரு மணித்தியால வேலைதான். வருகிற பதில்களைப் பாருங்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டால் அதன் பதில் செய்தியில் இல்லாமல் போய்விட்டது என்று அர்த்தம், சேர்த்துவிட்டு மற்றவர்களுக்கு அனுப்புங்கள். எங்கே பிழைக்கிறது என்பதும் அந்த இருபதிலேயே தெரியும். வாசித்தும் யாருமே ஒன்றும் கேட்கவில்லை என்றால் முதல் வரியின் பயன் அவர்களுடைய பயன் இல்லை. விலையையோ அளவையோ திரும்பக் கேட்டால் அந்த வரி கண்ணில் படவில்லை. "ஓம், வேணும்" என்று சொல்லிவிட்டுப் பிறகு எடுக்காமல் போனால் சிக்கல் மாவில் இல்லை, நாளிலோ பஸ்ஸிலோ காசு தருகிற முறையிலோ இருக்கிறது. புதுக்குடியிருப்பில் இருக்கிறவருக்கு வியாழன் பஸ் வசதி, மல்லாவியில் இருக்கிறவருக்கு அது பிந்திப் போகிற பஸ்ஸாக இருக்கலாம்.

இன்னொரு காரணத்துக்காகவும் இருபதோடு தொடங்கச் சொல்கிறேன். முப்பது பக்கற் ஓடர் வந்தால் 12 கிலோ மா வேண்டும். கழுவி அரிக்கும்போது போகிற கழிவையும் சேர்த்தால் தானியம் அதைவிடக் கூட வேண்டும். அவசரத்தில் வறுத்த மாவைச் சூடாறாமல் பொதி செய்தால் பக்கற்றுக்குள்ளே வியர்த்துக் கட்டிபடும், சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆறவைத்த மாவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பக்கற்றின் உட்பக்கத்தில் பனிபோலத் துளி தெரிந்தால் அதை அனுப்பவேண்டாம். வருகிற ஓடரை நிறைவேற்ற முடியுமா என்று தெரியாமல் அறிவிப்பது, ஓடரே வராமல் இருப்பதைவிடக் கெடுதல்.

எல்லாரும் ஒரே விதமான ஆள் இல்லை என்பதையும் பாருங்கள். கனடாவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு இங்கே தாய் தகப்பனுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள் உங்கள் பட்டியலில் இருந்தால், அவர்களுக்குப் புட்டு அவிக்கிற வசதியைச் சொல்லிப் பயனில்லை. "அம்மா அரிக்கவேண்டியதில்லை, மாதத்துக்கு இரண்டு பக்கற் வீட்டுக்கே போகும், போய்ச்சேர்ந்ததும் படம் அனுப்புவன்" என்பது அவர்களுக்கான பயன். கடைக்காரர்களுக்கு வேறு செய்தி: அவருக்கு எவ்வளவு இலாபம், எத்தனை மாதம் வைக்கலாம், விற்காததைத் திருப்பி எடுப்பீர்களா. வீட்டுக்காரருக்கு எழுதியதைக் கடைக்காரருக்கு அனுப்பினால் சில்லறை விலை அவருக்குத் தெரிந்து, பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.

ஸ்மார்ட் போன் இல்லாத வயதானவர்களுக்கு நேரே அழைத்துச் சொல்வதே நல்லது. குறுஞ்செய்திதான் வழி என்றால், தமிழில் ஒரு செய்திக்கு 70 இடம்தான், ஆங்கிலத்தில் 160. அதுவும் "கு", "ன்" போன்ற எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு இடம் எடுக்கும். மீறினால் இரண்டு செய்தியாகக் கணக்காகி இரட்டிப்புக் காசு. "குரக்கன் மா 400கி ரூ350. வியாழன் வரும். வேண்டுமா? 1 என அனுப்புங்கள்." என்பது 68 இடம். உங்கள் பெயர் போட இடமில்லை, ஆகவே உங்கள் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும் இது சரிவரும்.

பழைய வாடிக்கையாளர் யாராவது தன் தெரிந்தவருக்குச் சொல்ல விரும்பினால் இப்படி ஒரு இணைப்பைக் கொடுக்கலாம். அழுத்தினால் உங்கள் உரையாடல் திறந்து, செய்தி எழுதும் இடத்தில் 1 என்று தயாராக நிற்கும்.

```
https://wa.me/947XXXXXXXX?text=1
```

X உள்ள இடத்தில் உங்கள் எண்ணில் 07க்குப் பிறகு வருகிற எட்டு இலக்கம். முன்னாலுள்ள 0 வேண்டாம், + அடையாளமும் வேண்டாம். இந்தப் புது ஆட்களிடம் மட்டும் ஊரும் பஸ்ஸும் கேட்டுக்கொள்ளுங்கள். குழுமம் ஒன்று தொடங்கி எல்லாரையும் அதில் சேர்க்கவேண்டாம். ஒருவரின் எண் மற்றவர் எல்லாருக்கும் தெரியும், ஒருவர் "விலை கூடத்தானே" என்று எழுதினால் மற்றவர்களும் வாசித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள்.

எனக்கு நிச்சயமில்லாத சிலவும் உண்டு. எந்த நேரம் அனுப்புவது என்பதில் ஆளுக்கொரு கதை. சமையல் முடிந்து போனை எடுக்கிற இரவு ஏழரை, எட்டு மணி பொருந்துவதாக எனக்குப் படுகிறது, ஆனால் ஆசிரியர்கள் அதிகமுள்ள பட்டியலுக்கும் வயல்காரர் அதிகமுள்ள பட்டியலுக்கும் ஒரே நேரம் ஒத்துவராது. மாதச் சம்பளக்காரருக்கு மாதக் கடைசிக் கிழமை, வயல்காரருக்குக் காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற பிறகு என்பதில் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கை உண்டு. படம் போடுவதா வேண்டாமா என்பதிலும் தீர்ப்புச் சொல்லமாட்டேன். போடுவதென்றால் பக்கற்றின் படத்தைவிட ஆவி பறக்கிற புட்டின் படத்தைப் போடுங்கள், விலையும் "1 அனுப்புங்கோ" என்பதும் படத்துக்குள் இல்லாமல் எழுத்தாக இருக்கட்டும். படம் தெளிவில்லாத போனிலும் எழுத்து வாசிக்கலாம்.

அறிமுக விலைக்கழிவு கொடுப்பதை நான் விரும்புவதில்லை. 300 ரூபாய்க்கு முதல் வாங்கியவர் 350ஐ விலையேற்றம் என்றே நினைப்பார். அந்தக் காசுக்கு, அடுத்த மிளகாய்த்தூள் பொதியோடு 100 கிராம் மாவைச் சின்னப் பக்கற்றில் சும்மா வைத்து அனுப்புங்கள். ஒருவர் புட்டு அவித்துச் சாப்பிட்டுப் பார்க்க அது காணும். 50 கிராம் வைத்தால் அவிக்கிறதா விடுகிறதா என்று யோசித்து அலுமாரியில் கிடக்கும்.

1 என்று பதில் வந்ததும் அன்றிரவே ஒரு வரி திருப்பி எழுதுங்கள்: "ஒரு பக்கற், 350 ரூபாய், வியாழன் மல்லாவி பஸ்." தொகை, காசு, நாள் மூன்றும் அதில் இருந்தால் பிறகு சண்டை வராது. பதில் தராதவர்களுக்கு அடுத்த கிழமை ஒரே ஒரு தடவை நினைவூட்டலாம், அதுவும் "போன கிழமை எடுத்த ஒரு அக்கா சொன்னா" என்று உண்மையாக யாராவது சொன்னதை வைத்து. அதற்கும் பதில் இல்லை என்றால் மாவைப் பற்றி அவருக்கு எழுதுவதை நிறுத்திவிடுங்கள், தூள் வாங்க அவர் தானாக வருவார். வாங்கியவர்களிடம் இரண்டு நாள் கழித்து ஒரே கேள்வி: "மண் கடிபட்டதா?" என்று கேளுங்கள். "நல்லா இருந்ததா" என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்பார்கள். கடிபட்டது என்று ஒருவர் சொன்னாலும் அந்தத் தடவை வறுத்த மா முழுவதையும் திரும்ப அரித்துப் பாருங்கள், அவருக்கு வேறு பக்கற் அனுப்புங்கள், மிச்ச 140 பேருக்கான செய்தியை அதுவரை அனுப்பாதீர்கள்.